நாலு கப் காபியும் ஒரு 'ஆல்' விகுதியும்

ஏற்காட்டில் என் மாமாவுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, கீழே நிழலில் அராபிகா செடிகள். போன டிசம்பரில், பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்த சமயம் அங்கே போயிருந்தேன். கூடத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பத்திரிகைத் துண்டை வெட்டி வைத்திருந்தார். ஒரு தமிழ் அறிவியல் இதழில் நான் எழுதிய கட்டுரை அது. 'தினம் நாலு கப் காபி குடித்தால் ஆயுள் கூடும்' என்று தலைப்பு.

"ஏங்கண்ணு, உன் கட்டுரையைப் படிச்சதுல இருந்து ரெண்டு டம்ளரை நாலாக்கிட்டேன்" என்றார் மாமா, சந்தோஷமாக.

அவருக்கு 67 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சர்க்கரை நோயும் உண்டு. ஆனாலும் டம்ளருக்கு ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை போட்டுத்தான் குடிப்பார். நான் கட்டுரையில் சொன்ன ஆய்விலோ இதய நோய் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த வரி என் கைப்பிரதியின் கடைசிப் பத்தியில் இருந்தது. இடம் போதவில்லை என்று கடைசிப் பத்தியை எடுத்துவிட்டார்கள். தலைப்பும் அங்கே வைத்ததுதான். ஆனால் 'குடித்தால்' என்ற சொல் கட்டுரைக்குள் இரண்டு இடத்தில் இருந்தது. அதை எழுதியது நான்.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்து இருநூறு வருடம் ஆகிறது, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இங்கே காபி பற்றி எது வந்தாலும் வீட்டுச் செய்தி மாதிரிதான் படிப்பார்கள். அதனால் அதே ஆய்வை முதலிலிருந்து எடுத்துப் பார்ப்போம். அது என்ன சொன்னது, எந்த எல்லைக்குள் நின்று சொன்னது, தமிழில் எழுதும்போது அந்த எல்லை எந்த இடத்தில் நழுவுகிறது என்று.

## ஆய்வு என்ன செய்தது

2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை இது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த நீல் ஃப்ரீட்மேனும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதியது. 50 முதல் 71 வயது வரையுள்ள 2,29,119 ஆண்களும் 1,73,141 பெண்களும் ஆய்வில் இருந்தார்கள். புற்றுநோய், இதய நோய், பக்கவாதம் இருந்தவர்களை ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். மற்றவர்களிடம் ஒரு படிவம் கொடுத்து, தினம் எத்தனை கப் காபி குடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டது ஒரே ஒரு தடவை, ஆரம்பத்தில் மட்டும். அப்புறம் 1995-லிருந்து 2008 வரை யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று பதிவு செய்தார்கள். 33,731 ஆண்களும் 18,784 பெண்களும் இறந்திருந்தார்கள்.

யாருக்கும் காபி கொடுக்கவில்லை, யாரிடமிருந்தும் காபியை நிறுத்தவும் இல்லை. அவரவர் பழக்கப்படி வாழ்ந்தவர்களைக் கவனித்தார்கள், அவ்வளவுதான். இப்படித் தலையிடாமல் கவனிப்பதற்கு அவதானிப்பு ஆய்வு என்று பெயர்.

## இருபது வளைவும் எலுமிச்சம்பழமும்

கவனிப்பது மட்டும் ஏன் போதாது என்று புரிந்துகொள்ள, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் ஏறினால் போதும். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் சிலர் கையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டே வருவார்கள். ஒரு மாதம் தினமும் அந்த பஸ்ஸில் போய்க் கணக்கெடுத்தால், எலுமிச்சம்பழம் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் வாந்தி எடுத்திருப்பார்கள்.

எலுமிச்சம்பழம் வாந்தியைக் கொண்டுவருகிறது என்று எழுதலாமா? வாந்தி வரும் என்று தெரிந்தவர்தான் பழத்தோடு ஏறுகிறார். கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

காபியிலும் இது நடக்கலாம். உடம்பு சரியில்லாதவர்கள் டாக்டர் சொல்லிக் காபியை விட்டிருப்பார்கள். அப்போது காபி குடிக்காதவர்கள் கூட்டத்தில் நோயாளிகள் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் இறப்பு கூடுதலாக இருந்தால் அதற்குக் காபி இல்லாததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. இதற்காகத்தான் அந்த மூன்று நோயில் ஏதாவது இருந்தவர்களை ஆரம்பத்திலேயே விலக்கினார்கள். அதாவது, மாமாவைப் போன்றவர்கள் இல்லாததால்தான் இந்த ஆய்வின் முடிவை ஓரளவாவது நம்ப முடிகிறது. அவரே அதை எடுத்துத் தனக்குப் பொருத்திக்கொண்டார் என்பதுதான் எனக்கு வலித்தது.

இதுவரை பார்த்தது: ஆய்வாளர்கள் கவனித்தார்கள், தலையிடவில்லை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவது தெரிந்தால், ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது.

## ஒரு கையில் காபி, மறு கையில் பீடி

இந்த ஆய்வுக் கட்டுரையில் நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் வரியைப் பெரும்பாலான செய்திகள் விட்டுவிட்டன. வயதை மட்டும் சரிசெய்து பார்த்தபோது, காபி குடித்தவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். ஆமாம், அதிகமாகத்தான். புகைப்பழக்கத்தையும் மற்றவற்றையும் கணக்கில் எடுத்த பிறகுதான் முடிவு தலைகீழாகி, இறப்பு குறைவாகத் தெரிந்தது.

எந்த டீக்கடை வாசலிலும் இதற்கு விளக்கம் நிற்கும். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பீடி. அமெரிக்காவிலும் அப்படித்தான்; காபி குடித்தவர்களிடையே சிகரெட் பழக்கம் அதிகமாக இருந்தது. இறப்பைக் கூட்டியது சிகரெட், பழி விழுந்தது பக்கத்திலிருந்த காபி மேல். இப்படி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பும் மூன்றாவது விஷயத்தைக் குழப்பும் காரணி என்பார்கள்.

அதை எப்படிப் பிரிக்கிறார்கள்? விளங்குவதற்காக நானே போட்ட எண்களை வைத்துச் சொல்கிறேன், ஆய்வின் எண்கள் இல்லை. காபி குடிக்கும் 100 பேரில் 60 பேர் புகைக்கிறார்கள், அவர்களில் 18 பேர் இறக்கிறார்கள். புகைக்காத 40 பேரில் 4 பேர். மொத்தம் 22. காபி குடிக்காத 100 பேரில் புகைப்பவர்கள் 20 பேர்தான், அவர்களில் 7 பேர் இறக்கிறார்கள். புகைக்காத 80 பேரில் 10 பேர். மொத்தம் 17. மொத்தத்தைப் பார்த்தால் 22-க்கு 17, காபி கெடுதல்.

இப்போது புகைப்பவரைப் புகைப்பவரோடு மட்டும் ஒப்பிடுங்கள். காபிக்காரர்களில் 60-க்கு 18, அதாவது நூற்றுக்கு 30. மற்றவர்களில் 20-க்கு 7, அதாவது நூற்றுக்கு 35. புகைக்காதவர்களிலும் அப்படியே: நூற்றுக்கு 10, நூற்றுக்கு பன்னிரண்டரை. இரண்டு பிரிவிலும் காபிக்காரர்கள் குறைவாக இறந்திருக்கிறார்கள். ஒத்தவரை ஒத்தவரோடு வைத்துப் பார்க்கும் இந்த வேலையைத்தான் 'சரிக்கட்டுதல்' என்கிறார்கள். உண்மையான ஆய்வில் புகை, மது, இறைச்சி, படிப்பு, உடற்பயிற்சி என்று பலதையும் ஒரே நேரத்தில் சரிக்கட்டுவார்கள்.

இங்கேதான் அடுத்த எல்லை வருகிறது. படிவத்தில் கேட்டதைத்தான் சரிக்கட்ட முடியும், அதுவும் எழுதியவர் உண்மையாக எழுதியிருந்தால். கேட்காதது அப்படியே உள்ளே கிடக்கும். இந்த ஆய்வில் இதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம், சர்க்கரை நோய், தொற்று ஆகியவற்றால் வந்த இறப்புகள் காபி குடித்தவர்களிடம் குறைவாக இருந்தன. விபத்துகளாலும் காயங்களாலும் வந்த இறப்புகளும் குறைவாக இருந்தன. புற்றுநோய் இறப்பில் அப்படித் தெரியவில்லை. விபத்து என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். விழிப்பாக இருந்ததால் விபத்து குறைந்ததா? இல்லை, காபி குடிப்பவர்களின் வாழ்க்கையில் கேட்காமல் விட்ட வேறு ஏதாவது வித்தியாசம் இருந்ததா? இந்த ஆய்வை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் சுருக்கத்தின் கடைசி வரியிலேயே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: இது காரணத் தொடர்பா, சேர்ந்து காணப்படுவது மட்டும்தானா என்பதை எங்கள் தரவிலிருந்து தீர்மானிக்க முடியாது என்று.

இதுவரை பார்த்தது: முதல் கணக்கில் காபி கெடுதலாகத் தெரிந்தது. புகையைப் பிரித்ததும் மாறியது. பிரிக்காமல் விட்டது எதுவோ, அது இன்னும் முடிவுக்குள் இருக்கலாம்.

## 0.88 என்ற எண்

காபியே குடிக்காதவர்களோடு ஒப்பிட்டு, தினம் 4 அல்லது 5 கப் குடித்த ஆண்களுக்கு ஆய்வு கொடுத்த எண் 0.88. பெண்களுக்கு 0.84. 'இறக்கும் ஆபத்து 12 சதவீதம் குறைவு' என்று செய்திகளில் வருவது அந்த 0.88-தான். இதற்கு இறப்பு வேக விகிதம் என்று பெயர்.

மாம்பழ சீசனில் சேலம் கடைவீதியில் இரண்டு கூடை மல்கோவா வாங்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அழுகியதைப் பொறுக்கி எறிகிறீர்கள். முதல் கூடையில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு நூறு பழத்துக்கும் இன்று 25 அழுகினால், இரண்டாவது கூடையில் நூற்றுக்கு 22 அழுகுகிறது. 22-ஐ 25-ஆல் வகுத்தால் 0.88. இது அழுகும் வேகத்தின் ஒப்பீடு. கடைசியில் இரண்டு கூடையும் காலிதான். நூறு பேரில் 12 பேர் இறக்க மாட்டார்கள் என்றோ, ஆயுளில் 12 சதவீதம் கூடும் என்றோ இந்த எண் சொல்லவில்லை.

இதை ஆட்கணக்காக மாற்றிச் சொன்னால்தான் வாசகருக்குக் கைக்கு வரும். ஆய்வில் இருந்த ஆண்களில் மொத்தமாக ஆயிரத்துக்கு 147 பேர் இறந்தார்கள். காபி குடிக்காத ஆயிரம் ஆண்களில் 150 பேர் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால், 0.88 வேகத்தில் சுமார் 133 பேர் வரும். ஏறக்குறைய 13 வருடத்தில், ஆயிரத்துக்கு 17 பேர் வித்தியாசம். '12 சதவீதம்' என்று படித்தபோது மனதில் எழுந்த படம் இதில் எழாது. இரண்டும் ஒரே கணக்குதான். நான் எழுதும்போது இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

இன்னொன்று. கப் கூடக்கூட எண் இறங்கிக்கொண்டே போகவில்லை. ஆண்களில் 2, 3 கப்புக்கு 0.90. 4, 5 கப்புக்கு 0.88. 6 கப்பும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு மறுபடி 0.90. நாலு என்பது மந்திர எண் இல்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எப்போதும் ஒரு வீச்சு இருக்கும். தினம் ஒரு கப் குடித்த பெண்களுக்கு 0.95, வீச்சு 0.90 முதல் 1.01 வரை. இதன் பெயர் நம்பக இடைவெளி. இதே முறையில் இதே ஆய்வை நூறு தடவை செய்தால், கிடைக்கும் நூறு இடைவெளிகளில் சுமார் 95-க்குள் உண்மையான எண் அகப்படும். வித்தியாசமே இல்லை என்றால் எண் 1. இந்த வீச்சு 1-ஐத் தொட்டுத் தாண்டிப் போகிறது. ஆகவே ஒரு கப் குடித்த பெண்களைப் பற்றி இந்த ஆய்வை வைத்து உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

## தமிழில் நழுவும் இடங்கள்

இனி நம் வேலைக்கு வருவோம். ஆய்வாளர்கள் இவ்வளவு கவனமாகச் சொன்னது, தமிழில் எழுதும்போது சின்னச் சின்ன விகுதிகளில் கரைந்துவிடுகிறது.

முதலாவது, 'ஆல்'. மழை பெய்தால் நனைவோம். படித்தால் தேறலாம். தமிழில் இந்த விகுதி வந்த உடனே காரணமும் விளைவும் கைகோத்துவிடும். 'காபி குடித்தால் இறப்பு குறையும்' என்று எழுதினால், ஆய்வாளர்கள் தீர்மானிக்க முடியாது என்று சொன்னதை நாம் தீர்மானித்துவிட்டோம். அதே செய்தியை 'காபி குடித்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது' என்று எழுதிப் பாருங்கள். 'குடித்தவர்கள்' என்பது யாரைக் கவனித்தார்கள் என்று சொல்கிறது. 'இருந்தது' என்பது நடந்து முடிந்ததைச் சொல்கிறது. எதிர்காலத்துக்கு வாக்குக் கொடுக்கவில்லை, வாசகருக்கு ஆலோசனையும் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல்தான் நீண்டது, எல்லை உள்ளேயே வந்துவிட்டது. எல்லையைக் கடைசிப் பத்தியில் தனியாக வைத்தால் யாராவது வெட்டலாம். வினைமுற்றுக்குள் வைத்ததை யாரும் வெட்ட முடியாது.

இரண்டாவது, 'லாம்'. நிச்சயமில்லை என்று காட்ட 'குறையலாம்' என்று எழுதுகிறோம். ஆனால் தமிழில் 'லாம்' அனுமதியும் கொடுக்கும். 'வரலாம்' என்றால் வந்தாலும் வருவார் என்றும் பொருள், உள்ளே வாருங்கள் என்றும் பொருள். 'நான்கு கப் வரை குடிக்கலாம், இறப்பு ஆபத்து குறையலாம்' என்று எழுதினால் இரண்டாவது 'லாம்' தன் சந்தேகத்தை இழந்து, முதலாவதின் அனுமதியோடு சேர்ந்துவிடும். 'குறைகிறதா என்பது இதிலிருந்து தெரியவில்லை' என்று உடைத்துச் சொல்வது கொஞ்சம் நீளம். ஆனால் யாருக்கும் தப்பாகப் புரியாது.

மூன்றாவது, 'குறிப்பிடத்தக்க'. ஆய்வில் வித்தியாசம் புள்ளியியல்படி உறுதி என்று வந்தால், நாம் 'குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது' என்று பெயர்த்துவிடுகிறோம். வாசகர் 'நிறையக் குறைந்தது' என்று படிப்பார். ஆய்வு சொன்னதோ அளவைப் பற்றி இல்லை. வித்தியாசம் வெறும் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதுதான். நாலு லட்சம் பேரைப் பார்க்கும்போது மிகச் சின்ன வித்தியாசம்கூட அந்த உறுதியைப் பெற்றுவிடும். 'சிறிய வித்தியாசம், ஆனால் தற்செயல் என்று தள்ள முடியாதது' என்பது சரியான தமிழ்.

அப்புறம், 'கப்'. மாமா வீட்டு டம்ளரை அன்று சமையலறை அளவுக் கிளாஸில் ஊற்றிப் பார்த்தேன். நுரை அடங்கியதும் 120 மில்லி. அதில் முக்கால்வாசி பால், சர்க்கரை, சிக்கரி கலந்த டிகாக்‌ஷன். அமெரிக்க வீடுகளில் வழக்கமான காபி பெரிய கோப்பையில், நீர்த்த டிகாக்‌ஷனாக, பால் கொஞ்சமாகவோ இல்லாமலோ இருக்கும். எப்படித் தயாரித்த காபி என்ற விவரம் ஆய்வாளர்களிடமே இல்லை. ஆகவே அவர்களுடைய நாலு கப்பை நம்முடைய நாலு டம்ளர் என்று பெயர்க்க வழியில்லை. 'நாலு கப்' என்று எழுதும் இடத்திலேயே 'அமெரிக்காவில் அவர்கள் குடித்த அளவில்' என்று சேர்த்துவிட வேண்டும்.

## மறுபடி எழுதியது

அன்று இரவு அந்தக் கட்டுரையின் நடுப்பத்தியை மட்டும் மறுபடி எழுதினேன்:

"அமெரிக்காவில் 50 முதல் 71 வயதுக்குள், இதய நோயோ பக்கவாதமோ புற்றுநோயோ இல்லாத நாலு லட்சம் பேரை ஏறக்குறைய 13 வருடம் கவனித்தார்கள். வயதை மட்டும் பார்த்தபோது காபி குடித்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. அவர்களில் புகைப்பவர்கள் அதிகம். புகை முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகு, அங்கே வழக்கமான அளவில் 4, 5 கப் குடித்த ஆண்களிடையே இறப்பு வேகம் 12 சதவீதம் குறைவாக இருந்தது. ஆட்கணக்கில் இது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 17 பேர். இந்த வித்தியாசம் காபியால் வந்ததா, காபி குடிப்பவர்களின் வேறு பழக்கத்தால் வந்ததா என்பது இந்த ஆய்விலிருந்து தெரியவில்லை. காபிப் பழக்கத்தை ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள். பின்னால் யார் கூட்டினார்கள், குறைத்தார்கள் என்பதும் தெரியாது."

காலையில் மாமாவிடம் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது.

"இதய நோய் இல்லாதவங்கன்னு போட்டிருக்குதே. அப்ப நான் இந்தக் கணக்குலயே இல்லையா?"

"இல்லீங்க மாமா. உங்களுக்கு நல்லதுன்னும் அவங்க சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல. உங்க டாக்டரைத்தான் கேக்கணும்."

"சர்க்கரை போட்டுக் குடிச்சா என்னன்னு கேட்டாங்களா?"

"அது தனியாப் பாக்கல மாமா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மேசைக் கண்ணாடியைத் தூக்கிப் பழைய துண்டை எடுத்துவிட்டு, இந்தத் தாளை அந்த இடத்தில் வைத்தார். "அத்தைகிட்ட ரெண்டு டம்ளர் போதும்னு சொல்லிடு கண்ணு" என்றபடி, காய்ந்த கொட்டையைக் கிளறிவிடக் களத்துக்குப் போனார்.